சின்னத் திரையில் பிழையில்லாமல் தட்ட: கீபோர்டின் உயரம், ஒரு கை முறை, தீம் அமைக்கும் முழு வழிகாட்டி

கீபோர்டைச் சரிசெய்ய உட்காரும் பலரும் முதலில் கை வைப்பது தீமில்தான். கண்ணுக்கு உடனே தெரிகிற மாற்றம் அதுதானே. அப்புறம் உயரத்தைக் கடைசி வரை ஏற்றுவார்கள், ஒரு கை முறையையும் போட்டுப் பார்ப்பார்கள். இரண்டே நாளில் எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிட்டு, "போன் சின்னது, என்ன செய்ய?" என்று விட்டுவிடுவார்கள்.

வீட்டிலும் வேலையிடத்திலுமாக ஏழெட்டுப் பேருக்கு இதை அமைத்துக் கொடுத்திருக்கிறேன். எல்லோரும் தடுமாறிய இடம் ஒன்றுதான். எந்த மாதிரிப் பிழை வருகிறது என்று பார்க்காமலே அமைப்புகளை மாற்றத் தொடங்கிவிடுகிறார்கள். விரல் மேலும் கீழுமாகத் தவறுகிறதா, பக்கவாட்டில் தவறுகிறதா, எட்டாமல் தவறுகிறதா என்பதைப் பொறுத்து மருந்து மாறும். ஆகவே இந்த வழிகாட்டி பிழையை எண்ணுவதில் தொடங்குகிறது. தீம் கடைசியில்தான் வரும்.

படிகளை ஆண்ட்ராய்டில் உள்ள ஜிபோர்டை வைத்துச் சொல்கிறேன். சாம்சங் கீபோர்டுக்கும் ஐபோனுக்கும் தனியாக ஒரு பகுதி இருக்கிறது. பதிப்பு மாறினால் மெனு இருக்கும் இடம் கொஞ்சம் நகரலாம். பெயர்களை வைத்துத் தேடுங்கள்.

## 1. தொடங்கும் முன் செய்ய வேண்டியவை

முதலில், உங்கள் போனில் எந்தக் கீபோர்டு ஓடுகிறது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சில போன்களில் இரண்டு மூன்று கீபோர்டுகள் இருக்கும். ஒன்றின் அமைப்பை மாற்றிவிட்டு இன்னொன்றில் தட்டிக்கொண்டு, "மாற்றமே தெரியவில்லையே" என்றவர்களைப் பார்த்திருக்கிறேன். கீபோர்டு திறந்திருக்கும்போது திரையின் கீழ் மூலையில் சின்னக் கீபோர்டுப் படம் தெரிந்தால் அதைத் தொடுங்கள். போனில் உள்ள கீபோர்டுகளின் பட்டியல் வரும், ஓடுவது எது என்று அதில் குறித்திருக்கும்.

இரண்டாவது, போனின் `Display size` அளவை முதலில் முடிவு செய்யுங்கள். போன் அமைப்புகளில் `Display` என்ற பகுதிக்குள் இது இருக்கும். இதைக் கூட்டினால் கீபோர்டின் வரிசைகளும் உயரமாகும், ஆனால் அகலம் திரை அகலத்தைத் தாண்ட முடியாது. கீபோர்டை அமைத்து முடித்த பிறகு இதை மாற்றினால், பார்த்துப் பார்த்து வைத்த உயரமெல்லாம் வீணாகும்.

மூன்றாவது, ஜிபோர்டு அமைப்புகளில் `Text correction` உள்ளே `Auto-correction` என்பதைத் தற்காலிகமாக அணைத்து வையுங்கள். அது ஓடிக்கொண்டிருந்தால் நீங்கள் தவறாகத் தொட்டதை அதுவே மாற்றி மறைத்துவிடும், எண்ணுவதற்குப் பிழையே கிடைக்காது. வேலை முடிந்ததும் மறக்காமல் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

கூடவே `Preferences` உள்ளே `Popup on keypress` என்பதை இயக்குங்கள். தொட்ட எழுத்து விரலுக்கு மேலே பெரிதாக எழும்பித் தெரியும். கட்டைவிரல் எழுத்தை மறைத்துக்கொண்டிருக்கும்போது, உண்மையில் எதைத் தொட்டோம் என்று காட்டுவது இது ஒன்றுதான்.

## 2. பிழையை எண்ணி வகை பிரிப்பது

குறிப்பெழுதும் செயலி எதையாவது திறந்து, ஒரே வாக்கியத்தை மூன்று முறை தட்டுங்கள். வழக்கமாக எப்படிப் போனைப் பிடிப்பீர்களோ அப்படியே பிடியுங்கள், வழக்கமான வேகத்திலேயே தட்டுங்கள். தவறினால் அழிக்க வேண்டாம், அப்படியே போகட்டும். முடிந்த பிறகு, எந்த எழுத்துக்குப் பதில் எது விழுந்தது என்று ஒரு தாளில் எழுதுங்கள்.

ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக மாற்றும் முறையைப் பயன்படுத்துபவர்கள், இந்தச் சோதனைக்கு மட்டும் ஆங்கிலக் கீபோர்டுக்கு மாறி `naalai maalai naangu manikku varugiren` என்பது போல ஒன்றைத் தட்டுங்கள். தமிழாக மாறிய பிறகு பார்த்தால் சொல் தவறு என்று தெரியுமே தவிர, எந்த விரல்தொடல் தவறியது என்று கண்டுபிடிக்க முடியாது.

இப்போது தாளைப் பாருங்கள். `g` தட்டப் போய் `v` அல்லது `b` விழுந்திருந்தால், `n` தட்டப் போய் இடைவெளி விழுந்திருந்தால், அது மேல்-கீழ்ப் பிழை. இதற்கு மருந்து உயரம்.

`g` தட்டப் போய் `h` விழுந்தால் பக்கவாட்டுப் பிழை. இதற்கு உயரம் உதவாது, ஒரு கை முறையோ நிலைமையை இன்னும் மோசமாக்கும். ஏன் என்று நான்காம் பகுதியில் பார்க்கலாம்.

ஒரு கையால் தட்டும்போது, கட்டைவிரலுக்கு எதிர்ப்புற ஓரத்தில் உள்ள எழுத்துகள் மட்டும் தவறினால் அது எட்டாத பிழை. வலக்கைக்காரர்களுக்கு `q`, `a` பக்கம், இடக்கைக்காரர்களுக்கு `p`, `l` பக்கம். ஒரு கை முறை இதற்காகத்தான் இருக்கிறது.

எந்த வகை அதிகமோ அதை முதலில் சரிசெய்யுங்கள். ஒரு மாற்றம் செய்ததும் அதே வாக்கியத்தை மறுபடி மூன்று முறை தட்டி எண்ணுங்கள். இரண்டு மாற்றங்களைச் சேர்த்துச் செய்தால் எது உதவியது, எது கெடுத்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

## 3. உயரத்தை அமைப்பது

உயரத்தைத் தொடுவதற்கு முன், நீங்கள் அதிகம் தட்டும் மொழிக்குக் கீபோர்டை மாற்றிக்கொள்ளுங்கள். மொழிக்கும் எழுத்தடுக்குக்கும் ஏற்ப வரிசைகள் மாறலாம். ஆங்கிலத்தில் பார்த்து வைத்த உயரம் தமிழில் இடிக்கக்கூடும்.

அடுத்து, எண் வரிசை ஓடுகிறதா என்று பாருங்கள். எழுத்துகளுக்கு மேலே 1 முதல் 0 வரை நிரந்தரமாக நின்றால், `Preferences` உள்ளே `Number row` இயங்குகிறது என்று அர்த்தம். சின்னத் திரையில் நான் முதலில் அணைப்பது இதைத்தான். எப்போதாவது தட்டும் எண்களுக்காக ஒரு முழு வரிசை இடத்தைக் கொடுத்துவிட்டு, எழுத்துகளுக்கு இடமில்லை என்று தவிப்பானேன்? அணைத்தாலும் மேல் வரிசை எழுத்தை அழுத்திப் பிடித்தால் எண் வரும்.

பிறகு உயரம். இரண்டு வழி உண்டு. `Preferences` உள்ளே `Keyboard height` என்பதில் படிப்படியான அளவுகள் இருக்கும். `Normal` என்பதிலிருந்து ஒரு படி மட்டும் மேலே, `Mid-tall` என்பதற்குப் போங்கள். இரண்டாவது வழி, கீபோர்டின் மேலே உள்ள டூல்பாரில் நான்கு சதுரப் படத்தைத் தொட்டு `Resize` என்பதைத் தேர்ந்தெடுப்பது. கீபோர்டைச் சுற்றி ஒரு சட்டம் தெரியும். மேல் விளிம்பை இழுத்தால் உயரம் மாறும். நுணுக்கமாக மாற்ற இதுதான் வசதி.

ஒரே தாவலில் உச்சிக்குப் போவதுதான் இங்கே எல்லோரும் செய்யும் தவறு. 5 அங்குலம், 16:9 திரை உள்ள போனை எடுத்துக்கொள்வோம். திரை சுமார் 62 மி.மீ. அகலம், 111 மி.மீ. உயரம். கீபோர்டே பாதியை எடுத்துக்கொண்டால், மிச்சமுள்ள 55 மி.மீ. இடத்தில் மேல்பட்டை, செயலியின் தலைப்பு, தட்டும் பெட்டி எல்லாம் அடங்க வேண்டும். எதற்குப் பதில் எழுதுகிறோமோ அந்தச் செய்தியே கண்ணுக்குத் தெரியாமல் போகும். அதனால் கீபோர்டு பாதித் திரையைத் தொடக் கூடாது என்று ஓர் எல்லை வைத்திருக்கிறேன்.

இன்னோர் எல்லை கட்டைவிரலின் நீளம். கீபோர்டு உயர உயர மேல் வரிசை விரலை விட்டு விலகும். `q w e r t` வரிசையைத் தொட ஒவ்வொரு முறையும் உள்ளங்கையில் போனை நகர்த்திப் பிடிக்க வேண்டியிருந்தால், ஒரு படி இறக்கிவிடுங்கள். நகர்த்துகிற கையில்தான் போன் நழுவும்.

இடைவெளி விசையைத் தட்டும்போது முகப்புத் திரைக்குப் போய்விடுகிறது என்பவர்களுக்கு உயரத்தால் பயனில்லை. விரல் அசைவுகளால் இயக்கும் போன்களில், திரையின் அடி விளிம்பு அந்த அசைவுக்கான இடம். `Resize` சட்டத்தின் அடியைப் பிடித்துக் கீபோர்டைக் கொஞ்சம் மேலே தூக்குங்கள். நாலைந்து மி.மீ. போதும்.

## 4. ஒரு கை முறை: யாருக்கு, எவ்வளவு

முதலில் ஒரு பெயர்க் குழப்பம். போன் அமைப்புகளிலும் `One-handed mode` என்று ஒன்று இருக்கும். அது முழுத் திரையையும் கீழே இழுக்கும், அல்லது சுருக்கும். அதைப் போட்டுவிட்டுக் கீபோர்டு நகரவில்லையே என்று தேடுபவர்கள் நிறையப் பேர். நமக்கு வேண்டியது கீபோர்டின் டூல்பாரில் உள்ள `One-handed`.

அதைத் தொட்டதும் கீபோர்டு ஒரு பக்கமாக ஒதுங்கும், மறுபக்கம் ஒரு வெற்றுப் பட்டை வரும். அந்தப் பட்டையில் உள்ள படங்களில் அம்புக்குறி பக்கத்தை மாற்றும், இன்னொன்று கீபோர்டை மறுபடி முழு அகலமாக்கும், மற்றொன்று அளவை மாற்றும் சட்டத்தைத் திறக்கும்.

இப்போது அகலக் கணக்கு. 62 மி.மீ. அகலத்தில் ஆங்கில மேல் வரிசையின் 10 எழுத்துகளைப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 6.2 மி.மீ. கிடைக்கும். வெற்றுப் பட்டை 10 மி.மீ. எடுத்துக்கொண்டால் அது 5.2 ஆகக் குறையும். தமிழ்99 அடுக்கின் மேல் வரிசையில் 12 விசைகள். அதை அப்படியே போனில் வைத்தால் முழு அகலத்திலேயே 5.2 மி.மீ.தான், ஒரு கை முறையில் 4.3 மி.மீ. கட்டைவிரல் நுனியின் அகலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், புரியும்.

அதாவது, எட்டாத எழுத்தை எட்ட வைப்பதற்கு ஒரு கை முறை வாங்கும் விலை அகலம். பெரிய போனில் இந்த விலை தெரியாது. சின்னத் திரையில் எட்டாத பிழை குறைந்து, அதே அளவுக்குப் பக்கவாட்டுப் பிழை கூடிவிடலாம். உங்கள் தாளில் பக்கவாட்டுப் பிழைதான் அதிகம் என்றால் இந்தப் பக்கமே வர வேண்டாம். குறைந்த விசைகள் உள்ள எழுத்தடுக்குக்கு மாறுவது, அல்லது நீளமாக எழுதும்போது மட்டும் போனைப் படுக்கை வாட்டில் திருப்புவது நல்லது.

நடுவழி ஒன்று உண்டு. ஒரு கை முறையில் இருந்தபடியே அளவு மாற்றும் சட்டத்தைத் திறந்து, வெற்றுப் பட்டையை முடிந்த மட்டும் ஒடுக்குங்கள். பட்டை 5 மி.மீ. ஆனால் எழுத்துக்கு 5.7 மி.மீ. கிடைக்கும். ஓர எழுத்தும் ஓரளவு அருகில் வரும், மற்றவையும் பெரிதாக நசுங்காது.

ஓர எழுத்தைத் தொடும்போது கீபோர்டே மூடிக்கொள்கிறது என்றால் அது எட்டாத பிழை இல்லை. திரையின் ஓரத்திலிருந்து விரல் சற்று வழுக்கியதைப் போன் "பின்செல்" அசைவு என்று எடுத்துக்கொள்கிறது. ஆண்ட்ராய்டின் அசைவு அமைப்புகளில் இடது ஓரம், வலது ஓரம் என்று உணர்திறன் தனித்தனியாக இருக்கும். தொந்தரவு தரும் பக்கத்தை மட்டும் குறையுங்கள்.

## 5. அக்காவின் போனில் செய்து பார்த்தது

என் அக்காவிடம் இருப்பது 5 அங்குலப் போன். வலது கட்டைவிரலால் மட்டும் தட்டுவார், ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக மாற்றும் முறை. "தம்பி, ஒரு வரி எழுதறதுக்குள்ள நாலு வாட்டி அழிக்கிறேன்டா" என்று கொண்டுவந்து கொடுத்தார்.

மேலே சொன்ன வாக்கியத்தை மூன்று முறை தட்டச் சொன்னேன். மொத்தம் 14 பிழை. அதில் 9 மேல்-கீழ்ப் பிழை, பெரும்பாலும் `n` அல்லது `m` தட்டப் போய் இடைவெளி விழுந்தது. 4 பிழை `a` எழுத்தில். பக்கவாட்டுப் பிழை ஒன்றுதான்.

எண் வரிசை இயங்கிக்கொண்டிருந்தது, அணைத்தேன். உயரத்தை ஒரு படி ஏற்றி, அடியைச் சற்றுத் தூக்கினேன். மறுபடி தட்டியதில் மேல்-கீழ்ப் பிழை 9 இலிருந்து 2 ஆனது. `a` மட்டும் அதே 4.

அடுத்து ஒரு கை முறையை வலப்பக்கமாகப் போட்டேன். `a` பிழை ஒரேயடியாகக் காணாமல் போனது. ஆனால் ஒன்றாக இருந்த பக்கவாட்டுப் பிழை 6 ஆகிவிட்டது. "இது வேணாம், முன்னாடி இருந்ததே தேவல" என்றார். பட்டையைப் பாதியாக ஒடுக்கிக் கொடுத்தேன். இந்த முறை `a` பிழை 1, பக்கவாட்டு 2, மேல்-கீழ் 2. பதினான்கு ஐந்தானது. இதற்கு மேல் அந்தத் திரை அகலத்தில் நான் எதிர்பார்க்கவும் இல்லை.

தீம் மாற்றும் வரை அவர் முகத்தில் திருப்தி வரவில்லை என்பது வேறு கதை.

## 6. தீம்

தீம் என்ற சொல்லோடு ஐ உருபைச் சேர்த்தால் தீமை ஆகிவிடுகிறது. பலரும் தேர்ந்தெடுக்கும் தீம்களைப் பார்த்தால் அது பொருத்தம்தான். குழந்தையின் படத்தைப் பின்னணியில் வைத்துவிட்டு, எழுத்துகள் முகத்துக்கு மேலே மங்கலாக மிதக்கும். படத்தின் வெளிச்சமான பகுதியில் வெள்ளை எழுத்து கரைந்துபோகும். படம் வைத்தே ஆக வேண்டும் என்றால், அதைச் சேர்க்கும்போது வரும் வெளிச்ச அளவை நன்றாகக் குறைத்து வையுங்கள்.

டூல்பாரில் `Theme` என்பதைத் திறந்து, ஒரே நிறப் பின்னணி உள்ள ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். `Apply` தொடுவதற்கு முன், கீழே உள்ள `Key borders` என்பதை இயக்குங்கள். தீம் பகுதியில் எனக்கு முக்கியமானது இந்த ஒரு பொத்தான்தான். ஒவ்வொரு எழுத்தும் தனிக் கட்டத்தில் தெரிவதால், கண் கட்டத்தின் நடுவைப் பார்க்கும், விரலும் அங்கேயே போகும்.

கட்டம் வந்ததும் விசை சிறுத்துவிட்டது போலத் தோன்றும். தொடும் இடம் சிறுப்பதில்லை. கட்டங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில் தொட்டாலும் பக்கத்து விசை ஏதாவது ஒன்று விழவே செய்யும்.

வெயிலில் நின்று தட்டுபவர்களுக்கு வெளிர் பின்னணியில் கறுப்பு எழுத்துதான் தெளிவாகத் தெரியும். இரவில் இருண்ட பின்னணி கண்ணுக்கு இதம். இரண்டும் வேண்டுமென்றால் `System auto` என்பதைத் தேர்ந்தெடுங்கள். போன் இருண்ட நிறத்துக்கு மாறும்போது கீபோர்டும் கூடவே மாறும்.

## 7. சாம்சங் கீபோர்டு, ஐபோன்

சாம்சங்கில் `General management` உள்ளே `Samsung Keyboard settings` போங்கள். உயரமும் அகலமும் `Size and transparency` என்பதில் சட்டத்தை இழுத்து மாற்றுவது. ஒரு கை முறை `Mode` என்பதில் இருக்கும். `High contrast keyboard` என்று தனியாக ஒன்று உண்டு. பார்வை மங்கலானவர்களுக்குத் தீம்களைவிட இதையே முதலில் போட்டுக் காட்டுவேன். எழுத்தின் அளவைக் கூட்டும் வசதியும் இங்கே இருக்கிறது.

ஐபோனின் சொந்தக் கீபோர்டில் உயரத்தை மாற்ற வழியில்லை. எமோஜி அல்லது உலக உருண்டை விசையை அழுத்திப் பிடித்தால் இடம், நடு, வலம் என்று மூன்று கீபோர்டுப் படங்கள் வரும். ஒரு கை முறை அதுதான். நிறம் போனின் வெளிர், இருண்ட தோற்றத்தைப் பின்பற்றும். மேல்-கீழ்ப் பிழை அதிகமுள்ள ஐபோன்காரர்கள், உயரம் மாற்ற இடம் தரும் வேறு கீபோர்டு ஒன்றை நிறுவுவதுதான் வழி. ஒன்று நினைவிருக்கட்டும்: கடவுச்சொல் தட்டும் பெட்டிகளில் ஐபோன் தன் சொந்தக் கீபோர்டையே கொண்டுவரும். அமைப்பு அழிந்துவிட்டது என்று பதற வேண்டாம்.

## 8. கடைசி வேலை

எல்லாம் முடிந்ததும் `Auto-correction` என்பதைத் திரும்பப் போடுங்கள். `Popup on keypress` பிடித்திருந்தால் இருக்கட்டும்.

புதிய உயரத்தை இரண்டு மூன்று நாளாவது மாற்றாமல் வைத்திருங்கள். முதல் நாளில் பிழை கூடுவது சகஜம், விரல் பழைய இடத்தையே தேடிப் போகும். மூன்றாம் நாள் அதே வாக்கியத்தை மறுபடி மூன்று முறை தட்டி, முதல் தாளோடு ஒப்பிடுங்கள். மேல்-கீழ்ப் பிழை இன்னும் அதிகமாக இருந்தால் மட்டும் உயரத்தில் இன்னொரு படி. போன் உறை மாற்றினாலும் இந்தச் சோதனையை ஒருமுறை செய்து பாருங்கள். தடித்த உறை போட்டால் பிடி மாறும், கட்டைவிரல் எட்டும் தூரமும் குறையும்.